கைவிரிக்கும் ஷரத்து

1647-ல் இங்கிலாந்தில் ஒரு குத்தகை வழக்கு தீர்ப்பானது. பரடைன் என்பவரின் நிலத்தை ஜேன் என்பவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். அரசர் கட்சிக்கும் பாராளுமன்றக் கட்சிக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. இளவரசர் ரூப்பர்ட்டின் படை வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டு ஜேனை விரட்டிவிட்டது. மூன்று வருடக் குத்தகை பாக்கி நின்றது. பரடைன் வழக்குப் போட்டார். "நிலமே என் கையில் இல்லை, எதற்குப் பணம் கட்டுவது?" என்பது ஜேனின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் கட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

நீதிபதிகள் சொன்ன காரணத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது. சட்டம் ஒருவன் தலையில் சுமத்திய கடமையாக இருந்தால், அவன் தவறில்லாமல் அது முடியாமல் போகும்போது சட்டமே அவனை மன்னிக்கும். ஆனால் ஒப்பந்தம் போட்டுத் தானே ஏற்றுக்கொண்ட கடமைக்கு மன்னிப்பு இல்லை. படை வந்தால் பணம் தரமாட்டேன் என்று அவன் முன்பே எழுதி வாங்கியிருக்கலாம் அல்லவா? எழுதவில்லையென்றால் நஷ்டம் அவனுடையது.

வியாபாரிகளுக்கு அந்தத் தீர்ப்பு கருணை காட்டவில்லை, ஆனால் வழி காட்டியது. போர், தீ, வெள்ளம், வேலைநிறுத்தம், துறைமுகம் மூடல் என்று வரக்கூடியதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும் பழக்கம் வளர்ந்ததற்கு இந்தக் கறார்த்தனம் முக்கியமான காரணம்.

இடையில் நீதிமன்றம் கொஞ்சம் இளகியது. 1861-ல் லண்டனில் சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கை நாள் ஒன்றுக்கு 100 பவுண்ட் என்று நான்கு நாள் கச்சேரிக்கு ஒருவர் வாடகைக்குப் பேசியிருந்தார். முதல் கச்சேரி ஜூன் 17. ஜூன் 11 அன்று அரங்கம் எரிந்து சாம்பலானது. 1863-ல் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிளாக்பர்ன், அரங்கம் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இருவரும் ஒப்பந்தம் போட்டார்கள், அது போனபின் இருவருமே விடுபட்டவர்கள் என்றார். நல்லதுதான். ஆனால் இந்த விதி ஒப்பந்தத்தை ஒரேயடியாக முடித்துவிடுகிறது. பஞ்சு, நிலக்கரி, எண்ணெய்வித்து வாங்கி விற்பவனுக்கு அது உதவாது. அவன் கேட்பது இரண்டு மாத அவகாசம். துறைமுகம் திறந்ததும் சரக்கை ஏற்றிவிடுவான். இடைநிறுத்தி வைக்கும் வசதியைச் சட்டம் தரவில்லை, ஷரத்துதான் தந்தது.

அந்த ஷரத்துக்குப் பெயர் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது. 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டத் தொகுப்பின் 1148-ஆம் பிரிவு, ஃபோர்ஸ் மஜூர் ஏற்பட்டுக் கடமையைச் செய்ய முடியாமல் போனவரிடம் நஷ்ட ஈடு கேட்க முடியாது என்றது. எது ஃபோர்ஸ் மஜூர், எது இல்லை என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் உரசிப் பார்த்து வைத்திருந்தன. ஆங்கில வியாபாரிகள் சொல்லை மட்டும் கடன் வாங்கித் தங்கள் ஒப்பந்தத்தில் போட்டுக்கொண்டார்கள். அதன் பின்னால் இருந்த சட்டத்தை வாங்கவில்லை. ஆகவே ஆங்கிலச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குச் சொந்தமாக எந்த எல்லையும் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எல்லை. சப்ளையரிடமிருந்து நோட்டீஸ் வாங்கும் ஒருவர் முதலில் மனதில் நிறுத்தவேண்டியது இதைத்தான்.

எல்லையை நீதிபதிகள் ஒவ்வொரு வழக்காகத்தான் வரைந்தார்கள். 1915-ல் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் வழக்கு நீதிபதி பெய்ல்ஹாஷ் முன் வந்தது. 1913 பிப்ரவரிக்குள் தரவேண்டிய நீராவிக் கப்பல் தாமதமாகிவிட்டது. தாமதத்துக்கு நிறுவனம் சொன்ன காரணங்களின் பட்டியல் சுவையானது: 1912-ல் நாடு முழுவதும் நடந்த நிலக்கரி வேலைநிறுத்தம், இயந்திரங்கள் பழுதானது, மோசமான வானிலை, கால்பந்துப் பந்தயம், ஒரு சாவு ஊர்வலம். முதல் இரண்டும் ஷரத்துக்குள் வரும் என்றார் நீதிபதி. மழையும் பந்தும் சாவும் எந்தத் தொழிலிலும் வழக்கமாக வேலையைக் கெடுப்பவை, தேதி கொடுக்கும்போதே அவற்றைக் கணக்கில் வைத்துத்தான் கொடுத்திருப்பீர்கள் என்று தள்ளிவிட்டார். இன்றும் சப்ளையர் நோட்டீஸ்களில் இந்தக் கலவை அப்படியே இருக்கிறது. உண்மையான ஒரு தடையின் முதுகில் நாலைந்து வழக்கமான சாக்குகள் ஏறிக்கொண்டு வரும். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை நாளைத் தின்றது என்று கேட்பதுதான் வாங்குபவரின் வேலை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு ஒரு நிலக்கடலை வழக்கு.

1956 அக்டோபர் 4. சூடான் நாட்டு நிலக்கடலை 300 டன், தோலோடு, ஜெர்மனியின் ஹாம்பர்க் வரை கப்பல் கூலியும் இன்சூரன்சும் சேர்த்து டன் 50 பவுண்ட். விற்பவர் சகிரோக்லு நிறுவனம், வாங்குபவர் நோப்லே தோர்ல் நிறுவனம். நவம்பர், டிசம்பருக்குள் சரக்கைக் கப்பலில் ஏற்றவேண்டும். எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது, போர் வரலாம் என்று பத்திரிகை படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் சரக்கு எந்த வழியில் போகும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. கால்வாய் வழியாகத்தான் போகும் என்று இரு தரப்பும் மனதில் நினைத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் கடைசியில் போர் மூண்டது. நவம்பர் 2 அன்று கால்வாய் அடைபட்டது. விற்பவர் பிடித்து வைத்திருந்த கப்பல் இடமெல்லாம் ரத்தானது. 300 டன் கடலை போர்ட் சூடான் கிடங்கில் கிடந்தது. ஒப்பந்தத்தில் ஃபோர்ஸ் மஜூர் ஷரத்து இருந்தது: குறித்த காலத்துக்குள் சரக்கேற்றுவதையோ ஒப்படைப்பதையோ தடுக்கும்படி ஏதாவது நடந்தால் இரண்டு மாதம் வரை கூடுதல் அவகாசம், அதற்குப் பின்னும் தடை நீடித்தால் ஒப்பந்தம் ரத்து. விற்பவர் கைவிரித்துவிட்டார்.

வாங்கியவர் விடவில்லை. செங்கடலிலிருந்து தெற்கே இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு ஹாம்பர்க் போக ஏன் முடியாது? கால்வாய் வழி 4,386 மைல், முனை வழி 11,137 மைல். இரண்டரை மடங்கு தூரம், உண்மைதான். ஆனால் கடலை கெட்டுப்போகிற சரக்கு அல்ல. ஹாம்பர்க்குக்கு இந்தத் தேதியில் வந்து சேரவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஷரத்து சொல்வது சரக்கேற்றுவதைத் தடுத்தால் என்று. போர்ட் சூடானில் கப்பலில் ஏற்றுவதை யாரும் தடுக்கவில்லை.

வழக்கு மத்தியஸ்தத்தில் தொடங்கி லண்டன் பிரபுக்கள் சபை வரை போய் 1961-ல் முடிந்தது. விற்பவர் தோற்றார். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர் ஏன் கைவிரித்தார் என்பதும் புரியும். கால்வாய் வழியாகக் கப்பல் கூலி டன்னுக்கு ஏழரைப் பவுண்ட். கால்வாய் மூடியபின் கூலி ஏறி, டிசம்பர் நடுவில் இரட்டிப்பாகி 15 பவுண்ட் ஆனது. ஆகக் கூடுதல் செலவு டன்னுக்கு ஏழரை, 300 டன்னுக்கு 2,250 பவுண்ட். அதே சமயம் ஹாம்பர்க்கில் கடலை விலை 50 பவுண்டிலிருந்து 68 பவுண்ட் 15 ஷில்லிங்குக்கு ஏறியிருந்தது. டன்னுக்கு 18 பவுண்ட் 15 ஷில்லிங் வித்தியாசம். 300 டன்னுக்கு 5,625 பவுண்ட். நஷ்ட ஈடாக அவர் கட்டவேண்டி வந்ததும் அந்த 5,625 பவுண்ட்தான். வழக்குச் செலவு தனி.

நோட்டீஸ் வந்த நாளில் சந்தை விலை என்ன என்று பார்க்கவேண்டும் என்று கொள்முதல் துறையில் பழுத்தவர்கள் சொல்வது இதனால்தான். விலை விழுந்து கிடக்கும்போது சப்ளையருக்குக் கைவிரிக்க ஆசை இருக்காது, எப்பாடு பட்டாவது அனுப்பிவிடுவார். விலை ஏறியிருக்கும்போது வரும் நோட்டீஸைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். சந்தேகம் ஆதாரம் ஆகாது, ஆனால் எங்கே தோண்டவேண்டும் என்று காட்டும்.

முடியாமல் போவதும் செலவு கூடுவதும் வேறுவேறு என்ற இந்தக் கோட்டை இந்திய உச்ச நீதிமன்றமும் அழுத்தமாகவே போட்டிருக்கிறது. ராணுவத்துக்கு நெய் வாங்கித் தரும் ஏஜென்ட்டுகள், இரண்டாம் உலகப் போரால் செலவு எகிறிவிட்டது, கூடுதலாகத் தரவேண்டும் என்று கேட்ட வழக்கு 1960-ல் தள்ளுபடியானது. 2017-ல் பெரிய வழக்கு ஒன்று வந்தது. இந்தோனேசியா 2010-ல் தன் நிலக்கரி ஏற்றுமதி விலை விதியை மாற்றியதால் குஜராத் கரையில் இருந்த அதானி, டாட்டா மின் நிலையங்களுக்கு எரிபொருள் செலவு ஏறியது. அது ஃபோர்ஸ் மஜூர் இல்லை என்றது நீதிமன்றம். எரிபொருள் விலை மாறுவதும் ஒப்பந்தம் பாரமாகிப் போவதும் இந்த ஷரத்தில் அடங்காது என்று அவர்களுடைய மின் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் வருங்கால நிகழ்வைச் சார்ந்த ஒப்பந்தங்களுக்கு 32-ஆம் பிரிவும், செய்யவே முடியாமல் போவதற்கு 56-ஆம் பிரிவும் இருக்கின்றன. ஒப்பந்தத்திலேயே ஷரத்து இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், 56-க்குத் தாவ முடியாது.

சரி, சப்ளையரின் கடிதம் உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. தொழிற்சாலையில் தீ, அல்லது துறைமுகத்தில் வேலைநிறுத்தம், மறு அறிவிப்பு வரும்வரை சப்ளை இல்லை என்கிறது. பெரும்பாலான வாங்குபவர்கள் உடனே செய்வது இரண்டில் ஒன்று. "பரவாயில்லை, புரிகிறது, சீக்கிரம் சரிசெய்யுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுதாபம் அனுப்புவார்கள். அல்லது கோபத்தில் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம் என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் ஆபத்து. முதலாவது அவர் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்துச் சாட்சி ஆகும். இரண்டாவது இன்னும் மோசம். அவருடைய காரணம் செல்லும் என்று பின்னால் தீர்ப்பானால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் என்று ஆகிவிடும், நஷ்ட ஈடு உங்கள் பக்கம் திரும்பும்.

பேசாமல் இருப்பதும் ஆபத்துதான் என்பதற்கு 1973-ன் சோயா வழக்குகள் சாட்சி. அந்த வருடம் மிசிசிப்பி ஆற்றில் பெரும் வெள்ளம். ஜூன் 27 அன்று அமெரிக்க அரசு சோயா ஏற்றுமதியைத் தடை செய்தது. சில நாளில் தடையைத் தளர்த்தி, சோயாப் புண்ணாக்கில் ஒப்பந்த அளவில் 40 சதவீதத்துக்கு மட்டும் லைசென்ஸ் தந்தது. ஐரோப்பாவில் ஒரே சரக்கு பத்துப் பேர் கைமாறி விற்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் தனக்கு வந்த நோட்டீஸை அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்கள். எந்த நோட்டீஸ் காலத்தோடு வந்தது, 40 சதவீதத்தையாவது கொடுத்திருக்கவேண்டாமா, தடையால்தான் சரக்கு கிடைக்கவில்லை என்பதை யார் நிரூபிப்பது என்று பல வருடம் வழக்குகள் நடந்தன. ஒரு வழக்கில் நோட்டீஸில் குறை இருந்தும், அதை அப்போதே எடுத்துக்காட்டாமல் வாங்கியவர் சரக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்பட்டது.

ஆகவே முதல் பதில் ஏற்பும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல், ஒன்றிரண்டு நாளில் போகவேண்டும். இப்படி இருக்கலாம்:

"உங்கள் கடிதம் இன்ன தேதியில் கிடைத்தது. அதில் சொன்ன நிகழ்வு ஒப்பந்தத்தின் இந்த ஷரத்துக்குள் வருகிறது என்றோ, நோட்டீஸ் முறைப்படி தரப்பட்டது என்றோ நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் உரிமைகள் அனைத்தையும் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறோம். கீழே கேட்டுள்ள விவரங்களை ஏழு நாளுக்குள் ஆதாரத்தோடு தரவும்."

கேட்கவேண்டிய விவரங்களை மேலே பார்த்த நீதிபதிகளே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நிகழ்வு எந்தத் தேதியில் நடந்தது, எங்கள் ஆர்டர் தயாராகும் அந்த யூனிட்டிலா, வேறு யூனிட்டிலா? அன்று கிடங்கில் எவ்வளவு இருப்பு இருந்தது? அதற்கு முன்பே தாமதமாகியிருந்த டெலிவரிகள் எவை? தீ பத்தாம் தேதி பிடித்திருக்க, ஐந்தாம் தேதி வந்திருக்கவேண்டிய சரக்குக்குத் தீயைக் காரணம் காட்ட முடியாது. மீதி இருக்கும் உற்பத்தியை மற்ற வாடிக்கையாளர்களுக்கு எந்த விகிதத்தில் பிரித்துக் கொடுக்கிறீர்கள்? நம்மை நிறுத்திவிட்டு, கூடுதல் விலை தருகிற புது ஆளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாரா என்பதை இந்த ஒரு கேள்வி வெளியே கொண்டுவரும். வேறு இடத்தில் வாங்கியோ வேறு வழியில் அனுப்பியோ தர என்ன முயற்சி செய்தீர்கள், அதற்கு என்ன செலவாகும்? எப்போது சரியாகும்? பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில். உண்மையில் தீ பிடித்த ஆலைக்காரர் தீயணைப்புத் துறை அறிக்கையையும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்த தேதியையும் அன்றே அனுப்பிவிடுவார்.

சான்றிதழ் ஒன்றைக் காட்டி வாயை அடைக்கப் பார்ப்பதும் உண்டு. 2020-ல் கொரோனா பரவியபோது சீனாவின் சர்வதேச வர்த்தக வளர்ச்சிக் கவுன்சில் ஃபோர்ஸ் மஜூர் சான்றிதழ்களை ஆயிரக்கணக்கில் வழங்கியது. அந்த ஊரில் அந்த நாளில் ஆலைகள் மூடியிருந்தன என்பதற்கு அது ஆதாரம். உங்கள் ஒப்பந்தத்தின் ஷரத்து அதற்குப் பொருந்துமா என்று சொல்ல அந்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை.

ஷரத்து யாருக்கானது என்பதையும் படித்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் தென் கொரியாவிலிருந்து எஃகு இறக்குமதி செய்த சிலர், ஊரடங்கைக் காட்டி, வங்கி எங்கள் லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் பணம் கொடுக்காமல் தடுக்கவேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். ஒப்பந்தத்தில் இருந்த ஃபோர்ஸ் மஜூர் ஷரத்து விற்பவருக்கு மட்டுமே எழுதப்பட்டது, வாங்குபவருக்கு அதில் இடமில்லை என்று தடை மறுக்கப்பட்டது. கையெழுத்துப் போடும்போது யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

கேள்விகளுக்குப் பதில் வரும்வரை உங்கள் ஆலையை மூடிவைக்க முடியாது. வெளியே வாங்கத்தான் வேண்டும். வாங்குமுன், வேறு யாரிடமும் வாங்கமாட்டேன் என்றோ மாதம் இத்தனை டன் எடுத்தே தீருவேன் என்றோ நீங்கள் எழுதிக்கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால், சப்ளை மீண்டும் தொடங்கும்வரை அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கும் இல்லை என்பதை அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். வெளியே வாங்கிய விலைக்கான விலைப்பட்டியல்கள், கேட்ட மூன்று கொட்டேஷன்கள், தேதிகள் எல்லாவற்றையும் தனிக் கோப்பில் வையுங்கள். சப்ளையர் காரணம் செல்லும் என்றால் அந்த விலை வித்தியாசம் உங்கள் தலையில்தான். செல்லாது என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவில் அவரிடம் கேட்கலாம், அப்போது இந்தக் கோப்புதான் உங்கள் வழக்கு.

தாமதமாக வந்த சரக்கை வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. கோடவுன் ஆட்களுக்கு இது தெரிந்திருக்காது. காலம் முக்கியம் என்று போட்ட ஒப்பந்தத்தில், குறித்த நாள் தாண்டி வந்த சரக்கை நீங்கள் ஏற்றுக்கொண்டால், தாமதத்துக்கு நஷ்ட ஈடு கேட்பேன் என்று ஏற்றுக்கொள்ளும் அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாவிட்டால் கேட்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அது. லாரி வாசலில் நிற்கும்போது டெலிவரி சலானில் "தாமத நஷ்டத்துக்கான உரிமையோடு பெறப்பட்டது" என்று ஒரு வரி எழுதி, அன்றே மின்னஞ்சலும் அனுப்பினால் போதும்.

உங்கள் சரக்கை நம்பி இன்னொருவர் காத்திருப்பாரே, அவருக்கும் நோட்டீஸ் போகவேண்டும். சோயா வியாபாரிகள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். உங்கள் விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்து வேறு மாதிரி இருக்கலாம். சப்ளையர் தராமல் போவது அதில் இல்லாமலேயே இருக்கலாம். ஒரு பக்கம் ஷரத்து செல்லாது என்று சப்ளையருக்கும், மறுபக்கம் அதே காரணம் செல்லும் என்று வாடிக்கையாளருக்கும் எழுதினால் இரண்டு கடிதமும் ஒரே மேசையில் ஒருநாள் சந்திக்கும். வாடிக்கையாளருக்கு எழுதும்போது, சப்ளையர் இப்படிச் சொல்கிறார், நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்ற அளவில் நிறுத்துவது நல்லது.

பல ஒப்பந்தங்களில் 60 நாளோ 90 நாளோ தடை தொடர்ந்தால் யார் வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்று இருக்கும். அந்த நாளை எங்கிருந்து எண்ணுவது, நிகழ்விலிருந்தா நோட்டீஸிலிருந்தா என்று ஷரத்தில் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ரத்து செய்வதாக இருந்தால் அந்த வாசல் வழியாகப் போவது பத்திரம். அதற்குள் நீங்கள் கட்டவேண்டிய பழைய பில்களை நிறுத்தி வைக்காதீர்கள். அவர் தவறை நிரூபிக்கும் முன் உங்கள் தவறு ஒன்று பதிவாகிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை நாளைக்குத் தள்ளிவைக்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் அதற்கு ஈடாக சப்ளையர் தந்த வங்கி உத்தரவாதத்தை எடுத்து அதன் முடிவு தேதியைப் பாருங்கள். சப்ளை தேதியை ஒட்டித்தான் அதைப் போட்டிருப்பார்கள். சப்ளை மூன்று மாதம் தள்ளிப்போகும்போது அது நடுவில் காலாவதியாகிவிடும். தேதியை நீட்டித்துத் தரச்சொல்லி முதல் கடிதத்திலேயே கேளுங்கள். நீட்டிக்க மறுத்தால், உத்தரவாதத்தின் வாசகம் இடம் கொடுத்தால், முடிவு தேதிக்கு முன் வங்கிக்குக் கோரிக்கை போய்ச் சேர்ந்தாகவேண்டும்.